அந்தக் கூடுதல் 40 லட்சம் என்ன சம்பாதிக்கிறது?

கேள்வி: கோவையில் சிறிய ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறோம். இன்னும் ஒரே ஒரு இயந்திரத்துக்குத்தான் இடம் இருக்கிறது. 20 லட்சத்துக்கு சிஎன்சி லேத் வாங்கினால் செலவும் வரியும் போக ஆண்டுக்கு 8 லட்சம் மிஞ்சும். 60 லட்சத்துக்கு விஎம்சி வாங்கினால் 20 லட்சம் மிஞ்சும். இரண்டுக்கும் 5 ஆண்டுக் கணக்கு போட்டிருக்கிறோம். பேங்க் வட்டி 12 சதவீதம். அதில் போட்டால் என்பிவி விஎம்சிக்கு அதிகம், ஐஆர்ஆர் லேத்துக்கு அதிகம். ஐஆர்ஆர் அதிகமுள்ளதை எடுங்கள் என்கிறார் ஆடிட்டர். எதை நம்புவது?

பதில்: வரப்போகும் பணத்தின் இன்றைய மதிப்பிலிருந்து போட்ட பணத்தைக் கழித்தால் மிஞ்சுவது என்பிவி; அந்த என்பிவியைச் சுழியமாக்கும் வட்டி விகிதம் ஐஆர்ஆர். இந்த இரண்டு சூத்திரங்களில் எது உண்மை பேசுகிறது என்பதைவிட, லேத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் மேற்கொண்டு போடப்போகும் 40 லட்சம் தன் விலையை ஈட்டுமா என்பதே உங்களுக்கு வேண்டிய விடை. நான் செலவுக் கணக்காளன். சிறு தொழில்களின் கடன் விண்ணப்பங்களுக்கான திட்ட அறிக்கைகளைத் தயாரிப்பதும் சரிபார்ப்பதுமாகப் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன. தொடக்கக் காலத்தில் நானும் ஐஆர்ஆர் வரிசைப்படி திட்டங்களை அடுக்கி அறிக்கை கொடுத்தவன் என்பதால், உங்கள் ஆடிட்டர் சொல்வதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். ஆனாலும் இரண்டில் ஒன்றை மட்டுமே எடுக்க முடியும் என்ற நிலையில் அந்த வரிசை தவறான இடத்தில் கொண்டுபோய் விடக்கூடும். அது ஏன் என்பதை உங்கள் எண்களை வைத்தே காட்டுகிறேன்.

முதலில் உங்கள் கணக்கைச் சரிபார்த்துக்கொள்வோம். 12 சதவீதத்தில், 5 ஆண்டுகளுக்கு ஆண்டின் முடிவில் வரும் ஒவ்வொரு ரூபாயின் மொத்த இன்றைய மதிப்பு 3.605 ரூபாய். ஆகவே லேத்தின் 8 லட்சங்கள் இன்றைக்கு 28.84 லட்சத்துக்குச் சமம். போட்ட 20 லட்சத்தைக் கழித்தால் என்பிவி 8.84 லட்சம். விஎம்சியின் 20 லட்சங்கள் 72.10 லட்சத்துக்குச் சமம். 60 லட்சத்தைக் கழித்தால் 12.10 லட்சம். ஐஆர்ஆர் லேத்துக்கு ஏறத்தாழ 28.65 சதவீதம், விஎம்சிக்கு ஏறத்தாழ 19.86 சதவீதம். நீங்கள் சொன்ன முரண் உண்மையிலேயே இருக்கிறது. கணக்கில் பிழை இல்லை.

இப்போது அந்த 28.65 சதவீதம் எதன் மீது கிடைக்கும் சதவீதம் என்று பாருங்கள். லேத்தை ஒரு வங்கிக் கணக்காக நினைத்துக்கொள்ளுங்கள். 20 லட்சம் போடுகிறீர்கள். ஆண்டு முடிவில் 28.65 சதவீத வட்டி சேர்ந்து 25.73 லட்சமாகிறது, அதில் 8 லட்சத்தை எடுத்துக்கொள்கிறீர்கள், 17.73 லட்சம் உள்ளே நிற்கிறது. அதே விகிதத்தில் வட்டி சேர்ந்து, 8 லட்சம் வெளியே வந்த பிறகு, இரண்டாம் ஆண்டு முடிவில் 14.81 லட்சமும், மூன்றாம் ஆண்டு முடிவில் 11.05 லட்சமும், நான்காம் ஆண்டு முடிவில் 6.22 லட்சமும் மிஞ்சுகின்றன. ஐந்தாம் ஆண்டில் அந்த 6.22 லட்சம் வட்டியோடு 8 லட்சமாகி, அதையும் எடுத்ததும் கணக்கு சுழியமாகிறது. ஆக, 28.65 சதவீதம் என்பது இயந்திரத்துக்குள் இன்னும் மீளாமல் நிற்கும் தொகையின் மீது மட்டும் கிடைக்கும் வட்டி. வெளியே எடுத்த 8 லட்சங்கள் அதன்பின் என்ன ஈட்டின என்பதை அந்த எண் சொல்வதில்லை. நீங்கள் போடாமலே கையில் வைத்துக்கொண்ட 40 லட்சத்தைப் பற்றியும் அதற்கு எதுவும் தெரியாது. விஎம்சியோடு ஒப்பிடும்போது தெரிந்தாக வேண்டியது அந்த 40 லட்சத்தின் கதைதான்.

இந்த இடத்தில் பாடநூல்களில் அடிக்கடி காணும் ஒரு வாக்கியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்: "வரும் பணம் அனைத்தும் அதே விகிதத்தில் மறுமுதலீடு செய்யப்படுகிறது என்று ஐஆர்ஆர் எடுத்துக்கொள்கிறது." இது குறித்துக் கற்றறிந்தவர்களிடையே இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. என் புரிதலில், ஐஆர்ஆரைக் கணக்கிட அப்படிப்பட்ட அனுமானம் எதுவும் தேவையில்லை. மேலே காட்டிய வங்கிக் கணக்கில் மறுமுதலீடு எங்கும் வரவில்லை. ஆனால் இரண்டு திட்டங்களின் ஐஆர்ஆரை அருகருகே வைத்து "இது பெரியது, ஆகவே இது நல்லது" என்று முடிவு கட்டும் கணத்தில், வெளியே இருக்கும் பணமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் சம்பாதிக்கும் என்ற எண்ணம் சொல்லாமலே உள்ளே நுழைந்துவிடுகிறது. ஐஆர்ஆர் என்ற எண் பிழையானது அல்ல, அதை வைத்து வரிசைப்படுத்துவதில்தான் சிக்கல் என்று சொல்வது சரியாக இருக்கும்.

அப்படியானால் அந்த 40 லட்சத்தைத் தனியே பிரித்தெடுத்துப் பார்க்கலாம். விஎம்சியிலிருந்து லேத்தைக் கழித்தால் கிடைப்பது ஒரு மூன்றாவது திட்டம்: இன்றைக்கு 40 லட்சம் போட்டு, 5 ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 12 லட்சம் பெறுவது. இதன் ஐஆர்ஆர் ஏறத்தாழ 15.24 சதவீதம். உங்கள் பணத்தின் விலை 12 சதவீதம்தான் என்றால், 15.24 சதவீதம் தரும் வாய்ப்பை விடுவதற்குக் காரணம் இல்லை. இத்திட்டத்தின் என்பிவி 3.26 லட்சம், விஎம்சியின் 12.10 லட்சத்துக்கும் லேத்தின் 8.84 லட்சத்துக்கும் உள்ள வேறுபாடும் அதுவே. கூடுதல் முதலீட்டை இப்படிப் பிரித்துப் பார்த்தால் ஐஆர்ஆரும் என்பிவியும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றன. 1930-இல் பொருளியலாளர் இர்விங் ஃபிஷர் இரண்டு வாய்ப்புகளை ஒப்பிட வைத்த வழியும் இதுதான். இரண்டு வாய்ப்புகளின் என்பிவியும் சமமாகும் விகிதத்தை இன்றும் ஃபிஷர் விகிதம் என்று அழைக்கிறார்கள்.

சதவீதங்களில் நம்பிக்கை வராதவர்களுக்கு நான் காட்டும் கணக்கு வேறு. கையில் 60 லட்சம் இருப்பதாகவும், வெளியே 12 சதவீதம் ஈட்ட முடியும் என்றும் வைத்துக்கொள்வோம். லேத்தை வாங்கி, மீதி 40 லட்சத்தை 12 சதவீதத்தில் போட்டு, ஆண்டுதோறும் வரும் 8 லட்சத்தையும் அதே விகிதத்தில் சேர்த்து வந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 121.32 லட்சம் இருக்கும். விஎம்சியை வாங்கி, வரும் 20 லட்சங்களை அவ்வாறே சேர்த்தால் 127.06 லட்சம் இருக்கும். 28.65 சதவீதம் ஈட்டும் இயந்திரத்தை வைத்திருந்தவரிடம் 5.74 லட்சம் குறைவாக இருக்கிறது, ஏனெனில் அவருடைய பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அந்த விகிதத்தில் வேலை செய்தது.

ஆகவே நீங்கள் தந்த எண்களை அப்படியே ஏற்றால் விடை விஎம்சி. இதுவரை சொன்னது எண்கணிதம்; இதில் எனக்கு ஐயம் இல்லை. இனிமேல் சொல்லப்போவது அந்த எண்களை எவ்வளவு நம்பலாம் என்பது பற்றியது. அங்கே உங்கள் பட்டறையை நேரில் அறியாத நான் ஓரளவுக்கு மேல் போக முடியாது.

முதல் ஐயம் அந்த 12 சதவீதத்தைப் பற்றியது. அது வங்கி உங்களுக்குக் கடன் தரும் வட்டி. வங்கி அந்த வட்டிக்குத் தருவதற்குக் காரணம் இயந்திரமும், அநேகமாக உங்கள் வீடோ நிலமோ, அடமானமாக இருப்பதுதான். ஆர்டர் குறைந்தால் அடிபடுவது வங்கி அல்ல, நீங்கள். எனவே உங்கள் சொந்தப் பணத்தின் விலை வங்கி வட்டியைவிடக் கூடுதலாகத்தான் இருக்க வேண்டும், இரண்டும் கலந்த சராசரி பெரும்பாலும் 12 சதவீதத்துக்கு மேலே நிற்கும். எவ்வளவு மேலே என்பதுதான் உங்கள் முடிவைத் தீர்மானிக்கப்போகிறது. 15 சதவீதத்தில் போட்டுப் பாருங்கள்: லேத்தின் என்பிவி 6.82 லட்சம், விஎம்சியினுடையது 7.04 லட்சம், வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். 15.24 சதவீதத்தில் இரண்டும் 6.67 லட்சத்தில் சந்திக்கின்றன. 18 சதவீதத்தில் லேத் 5.02 லட்சம், விஎம்சி 2.54 லட்சம் என்று நிலை தலைகீழாகிவிடுகிறது. இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பயன்படுத்தும் இந்த விகிதம் ஏறும்போது பெரிய முதலீட்டின் என்பிவி வேகமாகத் தேய்வதுதான் இதற்குக் காரணம். உங்கள் கணக்கு ஃபிஷர் விகிதத்துக்கு மிக அருகே நிற்கிறது. ஒருவேளை அந்த ஃபிஷர் விகிதம் 25 சதவீதமாக இருந்திருந்தால் 12 சரியா 14 சரியா என்று நாம் கவலைப்படவே வேண்டியதில்லை. அதேபோல, அந்த 40 லட்சத்தை இதே அளவு ஆபத்துள்ள வேறொரு வேலையில் போட்டு 15.24 சதவீதத்துக்கு மேல் ஈட்டும் வழி உங்களிடம் உண்மையிலேயே இருந்தால், லேத்தும் அந்த வேலையும் சேர்ந்து விஎம்சியை வென்றுவிடும்.

இரண்டாவது ஐயம் 20 லட்சம் என்ற மதிப்பீடு. கூடுதல் 40 லட்சத்தை 12 சதவீதத்தில் கடனாக வாங்கி, ஆண்டுக்கு ஒரு தவணையாக 5 ஆண்டுகளில் அடைப்பதாக வைத்துக்கொண்டால் தவணை 11.10 லட்சம் வருகிறது. அதற்காக நீங்கள் பெறுவது 12 லட்சம். ஆண்டுக்கு 90 ஆயிரம் ரூபாய்தான் மிச்சம். பட்டறை நடத்துபவர்கள் மொழியில் சொன்னால், விஎம்சியின் மேம்பாடு முழுவதும் அந்த 90 ஆயிரத்தில் அடங்கிவிடுகிறது. விஎம்சியின் நிகர வரவு 20 லட்சத்திலிருந்து 19.1 லட்சமாக, அதாவது நாலரை சதவீதம் குறைந்தால் போதும், இரண்டும் சமமாகிவிடும். ஆண்டுக்கு 300 வேலை நாள் என்றால் நாலரை சதவீதம் என்பது பதின்மூன்று, பதினான்கு நாட்கள்தான். இயந்திரம் சும்மா நிற்கும் நாளிலும் ஆபரேட்டர் சம்பளமும் வாடகையும் நிற்காது என்பதால், அதைவிடக் குறைவான நாட்களிலேயே அந்த மிச்சம் கரைந்துவிடும்.

உங்கள் ஆடிட்டரின் அறிவுரைக்குள் உண்மை ஒளிந்திருப்பது இங்கேதான் என்று நினைக்கிறேன். லேத்தின் ஆண்டு வரவு 8 லட்சத்திலிருந்து 5.55 லட்சம்வரை, அதாவது முப்பது சதவீதம் விழுந்தாலும் 12 சதவீதக் கணக்கில் நட்டம் வராது. விஎம்சி பதினேழு சதவீதம் விழுந்து 16.64 லட்சத்தை எட்டும்போதே என்பிவி சுழியமாகிவிடும். ஐஆர்ஆர் பணத்தின் விலையைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பது, மதிப்பீடு பிசகினால் எவ்வளவு தாங்கும் என்பதற்கான ஓர் அடையாளம். 2001-இல் ஜான் கிரகாம், கேம்பெல் ஹார்வி ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், 392 நிதித் தலைவர்களிடம் கேட்டபோது ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஐஆர்ஆரையும், கிட்டத்தட்ட அதே பங்கினர் என்பிவியையும் எப்போதும் அல்லது ஏறத்தாழ எப்போதும் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். ஐஆர்ஆரைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. ஒரு திட்டம் தனியே நிற்கும்போது ஏற்பதா மறுப்பதா என்று பார்க்கவும், அதன் தாங்கும் அளவை உணரவும் அது நன்றாகவே உதவும். இரண்டில் பெரியதைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத்தான் அதனிடம் கொடுக்கக் கூடாது.

கூடுதல் முதலீட்டின் ஐஆர்ஆரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். உங்கள் எண்களில் தொடக்கத்தில் ஒருமுறை பணம் வெளியே போகிறது, அதன்பின் உள்ளே மட்டுமே வருகிறது. ஆகவே விடை ஒன்றுதான். நடுவில் மறுபடியும் பணம் வெளியே போனால் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் வரலாம். 1955-இல் ஜேம்ஸ் லோரி, லியனார்டு சாவேஜ் இருவரும் இதற்குக் காட்டிய எடுத்துக்காட்டு எண்ணெய்க் கிணற்றில் பழைய பம்பை மாற்றுவது பற்றியது. பெரிய பம்புக்கு 1,600 டாலர் கூடுதல் செலவு. எண்ணெயை வேகமாக இறைப்பதால் முதலாம் ஆண்டில் 10,000 டாலர் கூடுதல் வரவு. கிணறு முன்னதாகவே வற்றிவிடுவதால் இரண்டாம் ஆண்டில் 10,000 டாலர் குறைவு. இதற்கு ஐஆர்ஆர் 25 சதவீதம் என்றாலும் சரி, 400 சதவீதம் என்றாலும் சரி. இரண்டுமே சமன்பாட்டைத் தீர்க்கின்றன, இரண்டுமே முடிவெடுக்க உதவாதவை. என்பிவியோ 10 சதவீதத்தில் எதிர்மறை என்று ஒரே விடையைத் தந்துவிடும். பட்டறையில் இதற்கு இணையானது நடுவில் வரும் ஸ்பிண்டில் மாற்றம் போன்ற பெரிய செலவு. அந்த ஆண்டில் விஎம்சியின் வரவு லேத்தின் வரவைவிடக் கீழே போனால், இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் எதிர்மறை எண் மறுபடி தோன்றும். அப்போது என்பிவியோடு நின்றுவிடுங்கள்.

எக்செல்லில் போடும்போது ஒரு தவறு அடிக்கடி கண்ணில் படுகிறது. அதன் NPV சார்பு, முதலில் கொடுக்கும் எண்ணையே ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்ளும். ஆகவே முதலீட்டை அடைப்புக்குள் சேர்த்தால் உங்கள் 12.10 லட்சம் 10.80 லட்சமாகச் சுருங்கிக் காட்டும். லேத் B நெடுவரிசையிலும், விஎம்சி C நெடுவரிசையிலும், வேறுபாடு D நெடுவரிசையிலும் இருப்பதாகக் கொண்டால் எழுத வேண்டியது இவ்வளவுதான்; முதலீடு முதல் வரியில் எதிர்மறையாக இருக்க வேண்டும்.

```
=NPV(12%,B2:B6)+B1
=NPV(12%,C2:C6)+C1
=IRR(D1:D6)
```

கேள்வியில் நீங்கள் குறிப்பிடாத இரண்டு செய்திகளைச் சரிபார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். மிஞ்சும் 8 லட்சமும் 20 லட்சமும் வங்கித் தவணையோ வட்டியோ கழித்த பிறகு வந்த எண்களாக இருந்தால், நாம் மேலே போட்ட கணக்கு முழுவதும் பிழை. ஏனெனில் 12 சதவீதத்தில் கழிப்பதே வட்டிக்கான இடம், அதை இரண்டு முறை கழிக்கக் கூடாது. என்னிடம் வரும் கணக்குகளில் மிகுதியாகத் தென்படும் பிழையும் இதுதான்.

மற்றொன்று மறுவிற்பனை மதிப்பு. ஐந்தாண்டுக் கணக்கு என்று சொன்னீர்களே தவிர, ஐந்தாண்டு முடிவில் இயந்திரம் என்ன விலைக்குப் போகும் என்று சொல்லவில்லை. நன்றாகப் பராமரித்த இயந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போவதில்லை என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கணக்குக்காக மட்டும், வரி போக விஎம்சி 15 லட்சத்துக்கும் லேத் 4 லட்சத்துக்கும் விற்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 11 லட்ச வேறுபாட்டின் இன்றைய மதிப்பு 6.24 லட்சம், நாம் இதுவரை வாதிட்டுக்கொண்டிருந்த 3.26 லட்சத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. மொத்த வேறுபாடு 9.50 லட்சமாகிறது, விஎம்சியின் ஆண்டு வரவு 19.1 லட்சத்துக்குப் பதிலாக 17.4 லட்சம்வரை இறங்கினாலும் லேத்துக்குச் சமமாகவே நிற்கும். ஆகவே பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் இரண்டு மூன்று பேரிடம், ஐந்து ஆண்டு ஓடிய அதே மாடல் இன்று என்ன விலைக்குக் கைமாறுகிறது என்று கேட்டு, அந்த எண்ணை ஆறாம் வரியில் சேர்த்துப் பாருங்கள். அதன் பிறகு விஎம்சிக்கு வரும் சமநிலை எண் எவ்வளவோ, அந்த அளவுக்கான வேலையை உங்கள் வாடிக்கையாளர்களில் யார் யார் உறுதியாகத் தருவார்கள் என்று பெயர் எழுதிக் கூட்டுங்கள். எனக்குத் தெரிய வழியில்லாத எண் அது ஒன்றுதான். அந்தக் கூட்டல் சமநிலை எண்ணைத் தாண்டினால் விஎம்சியை எடுப்பேன், தாண்டாவிட்டால் லேத்தை எடுப்பேன்.